ஜூனா, ஜூலையா? தீயணைப்பான் டேக்கைப் படத்தில் பார்த்து எழுதுவது

தீயணைப்பானின் கழுத்தில் தொங்கும் சர்வீஸ் டேக்கில் மாதத்தையும் ஆண்டையும் பெரும்பாலும் பேனாவால் எழுதுவதில்லை. அட்டையின் ஓரத்தில் பன்னிரண்டு மாதங்களும் அச்சாகியிருக்கும். சர்வீஸ் செய்தவர் அன்றைய மாதத்துக்கு நேரே பஞ்ச் வைத்துத் துளையிட்டுவிடுவார். ஆண்டுக்கும் அப்படியே. மழை, எண்ணெய், வெயில் எதுவும் துளையை அழிக்காது என்பதால் அந்த முறை நிலைத்திருக்கிறது. அட்டையைக் கையில் வைத்துப் பார்க்கிறவருக்கு அது வசதிதான். படத்தை மட்டும் பார்த்துப் பதிவேட்டில் ஏற்றுகிறவருக்குத்தான் சிக்கல் தொடங்குகிறது. படத்தில் துளை என்பது எழுத்து அல்ல, எழுத்து இல்லாத ஓர் இடம்.

நான் அந்தப் பதிவேற்றும் வேலையைத்தான் செய்கிறேன். கட்டடங்களிலிருந்து டேக்குகளின் படங்கள் வரும். அவற்றில் உள்ளதை வரிவரியாக எழுத வேண்டும். இந்த வேலையில் என்னை அதிகம் யோசிக்க வைத்த ஒரே ஓர் அட்டையை எடுத்துக்கொண்டு, நான் எப்படிப் படிக்கிறேன் என்பதைச் சொல்கிறேன். மங்கலான எழுத்தைவிட இதில் ஆபத்தானது வேறொன்று. அட்டையில் துளை, முத்திரை, கட்டம் என்று மூன்று விதமான அடையாளங்கள் இருக்கின்றன. ஒன்றை ஊகித்துவிட்டு, அந்த ஊகத்துக்கு ஏற்றபடி மற்ற இரண்டையும் படித்துவிட்டால் மூன்றும் அழகாக ஒத்துப்போகும். ஒத்துப்போவதைப் பார்த்து மனம் நிம்மதியடைந்துவிடும். எல்லாம் பொருந்தியும் விடை தவறாக இருக்க முடியும்.

அந்த அட்டை மஞ்சள் நிறம், மேலே பளபளப்பான பிளாஸ்டிக் உறை. இடது ஓரத்தில் ஜனவரி முதல் டிசம்பர் வரை மேலிருந்து கீழாக ஒரே வரிசை, மூன்று மூன்று ஆங்கில எழுத்துகளாக. அடியில் 2022 முதல் 2026 வரை ஐந்து ஆண்டுகள். நடுவில் நிறுவனத்தின் பெயர், உரிம எண், செய்த வேலையின் வகை. வேலையின் வகைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம், அதற்குள் ஊதா மையில் தேதி முத்திரை. பின்பக்கம் மாதாந்திரச் சோதனைக்கான கட்டங்கள். படம் வந்தபோது அந்த அட்டையே உலகத்தில் இல்லை. அடுத்த சர்வீஸில் பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டியிருந்தார்கள். எனக்கு இருந்தவை முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, இரண்டு படங்கள் மட்டுமே.

புதிய அட்டையில் துளை தெளிவாக 2025 ஜூலையில் விழுந்திருந்தது. பழைய அட்டை எந்த மாதம் என்பது அதனால்தான் முக்கியமானது. அமெரிக்காவின் என்.எஃப்.பி.ஏ. 10 தரநிலையும் அதைப் பின்பற்றும் இடங்களும் தீயணைப்பானுக்கு மாதந்தோறும் ஒரு பார்வைச் சோதனை, ஆண்டுக்கு ஒரு முறை முழுப் பராமரிப்பு என்று கேட்கின்றன. பராமரிப்பு நடந்த மாதமும் ஆண்டும், செய்தவர் யார், எந்த நிறுவனம் என்பது டேக்கிலோ லேபிளிலோ இருக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. பழைய அட்டை 2024 ஜூலை என்றால் இடைவெளி சரி. 2024 ஜூன் என்றால் அந்தத் தீயணைப்பான் ஒரு மாதம் கெடு தாண்டி நின்றிருக்கிறது. எழுதுகிறவனுக்கு எந்த விடை வந்தால் வேலை சுலபம் என்பது இங்கே வெளிப்படையாகத் தெரிகிறது. அந்த நினைப்பைத் தள்ளிவைத்துவிட்டுத்தான் படத்தைத் திறக்க வேண்டும்.

முதலில் பார்ப்பது படத்தில் எவ்வளவு விவரம் இருக்கிறது என்பதை. இந்த அட்டையின் நீளம் சுமார் 13 சென்டிமீட்டர். முன்பக்கப் படத்தில் அது 2400 பிக்சல் உயரம் இருந்தது. ஆக, ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் 18 பிக்சல். ஒன்றரை மில்லிமீட்டர் உயர எழுத்துக்கு 27 பிக்சல் கிடைக்கிறது, இது படிக்கப் போதும். சிலிண்டர் முழுவதும் தெரியும்படி தள்ளி நின்று எடுத்த படங்களும் வரும். அரை மீட்டர் உயரச் சிலிண்டர் 4000 பிக்சலில் அடங்கினால் மில்லிமீட்டருக்கு 8 பிக்சல்தான். அதையே செய்திச் செயலி 1600 பிக்சலுக்குச் சுருக்கி அனுப்பினால் மூன்று பிக்சல். அதே எழுத்து ஐந்து பிக்சல் உயரத்துக்கு ஒடுங்கிவிடும். அதைப் பெரிதாக்கினால் கண்ணுக்கு ஏதோ தெரிவதுபோல இருக்கும், ஆனால் அந்த எழுத்தைக் கொடுப்பது மூளைதான், படம் அல்ல. இந்தக் கணக்கை முதலிலேயே போட்டுவிட்டால், எதைப் படிக்க முயல வேண்டும், எதற்கு வேறு படம் கேட்க வேண்டும் என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

போனில் படத்திலிருந்து எழுத்தை நகலெடுக்கும் வசதி இருக்கிறதே என்று கேட்பார்கள். நடுவில் உள்ள அச்சு வரிகளுக்கு அது உதவும். துளைகளுக்கும் கட்டங்களுக்கும் உதவாது. துளையை அது ஆங்கில ஓ எழுத்தாகவோ பூஜ்யமாகவோ எடுத்துக்கொள்ளும். கட்டத்தின் கோடுகளை ஒன்று என்ற இலக்கமாக்கும். வெற்றுக் கட்டத்தை விட்டே விடும். வெற்றுக் கட்டம்கூட ஒரு தகவல் என்பதால் அப்படி விட்டுவிடுவதுதான் பெரிய இழப்பு. உரிம எண்ணை மட்டும் அப்படி எடுத்துக்கொண்டு, வலமிருந்து இடமாக ஒவ்வோர் இலக்கமாகப் படத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பேன்.

இனி துளைகள். படத்தில் வட்டமாகத் தெரிவதெல்லாம் துளை அல்ல. உண்மையான துளைக்குள் தெரியும் நிறம், அட்டையின் ஓரத்துக்கு வெளியே தெரியும் நிறத்தோடு ஒத்திருக்கும். சிவப்புச் சிலிண்டர் மேல் தொங்கினால் துளைக்குள்ளும் சிவப்புத்தான். அட்டையின் தடிமனால் துளையின் ஒரு பக்க விளிம்பில் பிறை போன்ற மெல்லிய நிழலும் இருக்கும். மைக்கறைக்கும் அச்சான புள்ளிக்கும் அந்த நிழல் இருக்காது. அடியில் இன்னோர் அட்டை மாட்டியிருந்தால் துளைக்குள் அந்த அட்டையின் எழுத்தே தெரியும், அதைத் துளையே இல்லை என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. மேலே கட்டுக்கம்பி போகும் துளை தகவல் அல்ல, அதை எண்ணிக்கையில் சேர்க்க வேண்டாம்.

ஆண்டுத் துளை எளிதாக முடிந்தது. பஞ்ச் நேராக எண்ணின் மேலேயே விழுந்து அதைத் தின்றிருந்தது. அங்கே என்ன அச்சாகியிருந்தது என்று யோசிப்பதை விட்டுவிட்டு, மீதி என்ன இருக்கிறது என்று எழுதினேன்: 2022, 2023, துளை, 2025, 2026. இல்லாமல்போனது 2024. மாதப் பெயர்களுக்கும் இதே வழிதான். துளை பெயரின் கடைசி எழுத்தைத் தின்றுவிட்டால் ஆங்கிலத்தில் ஜூனும் ஜூலையும் ஒன்றாகத் தெரியும், மார்ச்சும் மே மாதமும் ஒன்றாகத் தெரியும். அப்போது அந்தத் துணுக்கை உற்றுப் பார்ப்பதில் பயனில்லை. வரிசையில் முழுதாக நிற்பவை எவை என்று எழுதினால், விடுபட்டது தானே வெளிவரும்.

மாதத் துளை அப்படி எளிதாக வரவில்லை. பிளாஸ்டிக் உறையின் மேல் ஃபிளாஷ் வெளிச்சம் பட்டு, அட்டையின் நடுப்பகுதி வெள்ளையாக வெளுத்திருந்தது. ஜனவரி முதல் ஏப்ரல் வரையும் செப்டம்பர் முதல் டிசம்பர் வரையும் தெரிந்தன. நடுவிலிருந்த நான்கு மாதங்களின் பெயர்கள் அந்த வெளுப்பில் போய்விட்டன. துளை மட்டும் இருட்டாக, தெளிவாக நின்றது. எந்த மாதத்துக்கு நேரே?

கட்டடத்தில் இருந்த உதவியாளரிடம் போனில் கேட்டேன். "ஜூன்லதான் சார் வந்தாங்க, ஸ்கூல் திறந்த சமயம். ஜூன்னே போட்டுக்கோங்க" என்றார். அது அவருடைய நினைவு. அதைத் தனியாகக் குறித்து வைத்துக்கொண்டேன், அட்டையில் உள்ளதாக எழுதவில்லை.

அளந்து பார்த்தேன். படத்தில் ஜனவரியின் நடுக்கோடு மேலிருந்து 412 பிக்சலில், டிசம்பர் 2172-இல். இடையே பதினொரு இடைவெளிகள், ஒன்றுக்கு 160 பிக்சல். துளையின் மையம் 1300. ஜனவரியிலிருந்து 888 பிக்சல் கீழே, அதாவது ஐந்தரைக்குக் கொஞ்சம் மேலே, 5.55. ஜனவரியைப் பூஜ்யம் என்று எண்ணினால் ஜூன் ஐந்து, ஜூலை ஆறு. துளை இரண்டுக்கும் நடுவில் நின்றது. உதவியாளரின் பேச்சு காதில் இருக்க, இந்த இடத்தில் ஜூன் என்று எழுதிவிட்டு அடுத்த படத்துக்குப் போவது மிக இயல்பு.

ஆனால் அந்தக் கணக்கு ஒன்றை நம்பியிருக்கிறது. எல்லா இடைவெளிகளும் படத்தில் சமம் என்று எடுத்துக்கொள்கிறது. போனை அட்டைக்கு நேராகப் பிடித்தால்தான் அது உண்மை. அட்டையின் அகலத்தைப் பார்த்தேன். கீழ் விளிம்பு 1300 பிக்சல், மேல் விளிம்பு 1030. செவ்வக அட்டை மேலே குறுகித் தெரிகிறது என்றால், மேல்பகுதி கேமராவிலிருந்து தள்ளி இருக்கிறது, போன் கீழே பிடிக்கப்பட்டிருக்கிறது. அப்படியானால் மேலுள்ள மாதங்கள் நெருங்கியும் கீழுள்ளவை விலகியும் தெரியும். உண்மையில் நடுவில் உள்ள ஒரு புள்ளி, படத்தில் கொஞ்சம் மேலே ஏறித் தெரியும். தெரிந்த மாதங்களை வைத்தே இதைச் சரிபார்க்கலாம்: ஜனவரிக்கும் பிப்ரவரிக்கும் உள்ள இடைவெளியைவிட நவம்பருக்கும் டிசம்பருக்கும் உள்ள இடைவெளி பெரிதாகவே இருந்தது.

எனவே ஆவணங்களை ஸ்கேன் செய்யும் செயலியில் அட்டையின் நான்கு மூலைகளையும் குறித்துப் படத்தை நேராக்கினேன். இப்போது ஜனவரி 300, டிசம்பர் 2060, இடைவெளி மறுபடியும் 160. துளையின் மையம் 1262. கழித்து வகுத்தால் 6.01. ஜூலை.

இந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு. அட்டை தட்டையாக இருந்தால்தான் நான்கு மூலைகளை வைத்து நேராக்குவது சரியாக வரும். சிலிண்டரின் வளைவில் ஒட்டிக்கொண்டோ, ஈரத்தில் சுருண்டோ இருந்தால் மூலைகள் நேராகும், நடுப்பகுதி நேராகாது. அதனால் அச்சான ஓரக்கோடு படத்தில் நேர்கோடாக இருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன். அது வில்லாக வளைந்திருந்தால் இந்தக் கணக்கை நம்பமாட்டேன்.

பின்பக்கப் படம் இங்கே கைகொடுத்தது. துளை அட்டையின் இரண்டு பக்கமும் போகும். அட்டையைப் பக்கவாட்டில் திருப்பினால் முன்னால் இடது ஓரத்தில் இருந்த துளை பின்னால் வலது ஓரத்தில் வரும், உயரம் மட்டும் மாறாது. பின்பக்கப் படம் நேராக எடுக்கப்பட்டிருந்தது, ஃபிளாஷ் வெளுப்பும் இல்லை. அதில் அட்டையின் உயரம் 2200 பிக்சல், துளை மேலிருந்து 1157-இல். வகுத்தால் 0.526. நேராக்கிய முன்பக்கத்தில் 2400-க்கு 1262, அதுவும் 0.526. ஜூனுக்கு நேரே துளை விழுந்திருந்தால் பின்பக்கத்தில் அது 1008 வாக்கில் இருந்திருக்க வேண்டும். ஏறக்குறைய 150 பிக்சல் வித்தியாசம், கண்ணுக்கே தெரியும் அளவு. வேறு கோணத்தில் எடுத்த வேறொரு படம் தனியாக அதே இடத்தைச் சொன்னபோதுதான் துளையின் இடம் எனக்கு உறுதியானது.

அடுத்தது முத்திரை. துளையை முடிவுசெய்த கையோடு இதைப் படிக்கக்கூடாது என்பதால், துளைக் கணக்கை மூடிவைத்துவிட்டு, முத்திரையின் பகுதியை மட்டும் வெட்டித் தனிக் கோப்பாக்கிப் பார்த்தேன். முதல் பார்வைக்கு அது 06-01-24 என்று தெரிந்தது. முத்திரை கட்டத்துக்குள் சரியாக உட்காராமல் கொஞ்சம் மேலே ஏறி, நடு இலக்கங்களின் தலை கட்டத்தின் மேல்கோட்டோடு கலந்திருந்தது.

இங்கே நிறத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வண்ணப் படம் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று அடுக்குகளால் ஆனது. ஊதா மை பச்சை ஒளியை அதிகம் விழுங்கும், சிவப்பை ஓரளவு திருப்பிவிடும். அதனால் பச்சை அடுக்கில் ஊதா முத்திரை கருத்துத் தெரியும், சிவப்பு அடுக்கில் வெளிறிப்போகும். கறுப்பு அச்சு எல்லா அடுக்கிலும் கறுப்புத்தான். மஞ்சள் அட்டை சிவப்பிலும் பச்சையிலும் வெளிச்சமாக இருக்கும், நீல அடுக்கில் இருண்டுவிடும். ஆகவே மஞ்சள் அட்டைக்கு நீல அடுக்கு வேண்டாம். இமேஜ்மேஜிக் நிரலில் இதற்கு இரண்டு வரிகள் போதும்:

```
magick stamp.png -channel R -separate stamp_r.png
magick stamp.png -channel G -separate stamp_g.png
```

சிவப்பு அடுக்கில் கட்டத்தின் மேல்கோடு இடமிருந்து வலம் வரை ஒரே தடிமனில் போனது. பச்சை அடுக்கில் அதே கோடு, ஒன்று என்று நான் படித்த இலக்கத்துக்கு மேலே மட்டும் தடித்திருந்தது, ஓர் இலக்கத்தின் அகலத்துக்கு. ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாதது மையின் பங்கு. கோட்டுக்குள் ஒளிந்திருந்தது ஏழின் தலை. முத்திரை 06-01-24 அல்ல, 06-07-24.

முத்திரை நீல மையாக இருந்தால் சிவப்பு அடுக்கில்தான் நன்றாகத் தெரியும். சிவப்பு மையானால் பச்சை அடுக்கில் கருக்கும், சிவப்பு அடுக்கில் ஏறக்குறைய மறைந்துபோய் அடியிலுள்ள அச்சைக் காட்டிக்கொடுக்கும். கறுப்பு அச்சின் மேல் கறுப்பு முத்திரை என்றால் இந்த வழி எதுவும் உதவாது, கோட்டின் தடிமனை மட்டுமே நம்ப வேண்டும். தேதி முத்திரையில் ரப்பர்ப் பட்டைகளைச் சுழற்றித்தான் எண்ணை மாற்றுகிறார்கள். பட்டை பாதியில் நின்றால் இரண்டு எண்களின் பாதிப் பாதி விழும். அப்படி மேல்பாதி ஓர் எண்ணாகவும் கீழ்பாதி வேறாகவும் தெரிந்தால், இரண்டையும் எழுதிவிட்டு உறுதியில்லை என்ற குறியைப் போடுவதே சரி.

06-07-24 என்று படித்தாயிற்று. ஆனால் அது ஜூலை 6-ஆ, ஜூன் 7-ஆ? நாள் முதலில் வருமா, மாதம் முதலில் வருமா என்பதை இந்த எண்களிலிருந்து கண்டுபிடிக்க வழியில்லை. துளை ஜூலை என்கிறது, ஆகவே நாள்தான் முதலில் என்று முடிக்கலாம். ஆனால் அப்படி முடித்தால் முத்திரை துளைக்குச் சாட்சி சொல்லும் தகுதியை இழந்துவிடும், துளையின் எதிரொலிதான் மிஞ்சும். வெளியிலிருந்து ஒரு சான்று வேண்டும். அதே நிறுவனம் அதே கட்டடத்தில் வேறு சமயங்களில் மாட்டிய டேக்குகளின் படங்களைத் தேடினேன். ஒரு முத்திரையின் வரிசை அதன் பட்டைகளில் நிலையாக இருப்பது, நாளுக்கு நாள் மாறாது. நாள் 12-ஐத் தாண்டிய ஒரு முத்திரை கிடைத்தால் போதும். கிடைத்தது: 23-11-23. அதே ஊதா மை, அதே எழுத்து வடிவம். 23-ஆவது மாதம் கிடையாது. ஆகவே அந்த முத்திரையில் நாள் முதலில், மாதம் இரண்டாவது. 06-07-24 என்பது 2024 ஜூலை 6.

இப்போது துளை தனியாக ஜூலை என்கிறது, முத்திரை தனியாக ஜூலை என்கிறது. மறுபக்கத்தையும் எண்ணிப் பாருங்கள். துளையை ஜூன் என்று ஊகித்திருந்தால், முத்திரை 06-01-24 என்றாலும் மாதம் முதலில் என்று வைத்து ஜூன் 1 ஆகியிருக்கும், 06-07-24 என்றாலும் ஜூன் 7 ஆகியிருக்கும். உதவியாளரின் நினைவும் ஜூன். மூன்றும் கைகோத்துக்கொண்டு, சரியாகச் சர்வீஸ் ஆன ஒரு தீயணைப்பானைக் கெடு தாண்டியது என்று பதிவேட்டில் நிறுத்தியிருக்கும்.

பின்பக்கக் கட்டங்கள் வேறு விதமான கவனத்தைக் கேட்கின்றன. ஜனவரி முதல் டிசம்பர் வரை பன்னிரண்டு வரிகள், ஒவ்வொன்றிலும் தேதிக்கு ஒரு கட்டம், சோதித்தவரின் சுருக்கொப்பத்துக்கு ஒரு கட்டம். கட்டத்தின் உயரம் ஐந்து மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். நான் ஒவ்வொரு வரியையும் தனியாக வெட்டிக்கொள்வேன். வரி தாவிப் படிப்பதுதான் இங்கே அதிகம் நடக்கும் பிழை, முழுப் படத்தைப் பார்த்துக்கொண்டு தட்டச்சு செய்தால் ஆகஸ்டின் ஒப்பம் செப்டம்பருக்குப் போய்விடும். மேலிருந்து எண்ணுவதோடு கீழிருந்தும் ஒரு முறை எண்ணுவேன்.

ஒரு கட்டத்தில் ஏதோ இருக்கிறதா என்பதும், அது என்ன என்பதும் வெவ்வேறு கேள்விகள். முதல் கேள்விக்குக் கொஞ்சம் பிக்சல் போதும், இரண்டாவதற்கு நிறைய வேண்டும். மங்கலான படத்தில் "சுருக்கொப்பம் உண்டு, எழுத்து படிக்கவில்லை" என்று எழுதுவது நேர்மையான, பயனுள்ள பதிவு. அதை வெறுமை என்று எழுதினால் சோதனை நடக்கவே இல்லை என்றாகிவிடும். முந்தைய கட்டத்தில் இருந்த பெயரையே இதிலும் எழுதினால் ஒருவர் செய்யாத வேலையை அவர் தலையில் கட்டியதாகிவிடும். ஆகவே கட்டத்துக்கு நான்கு நிலைகள் வைத்திருக்கிறேன்: எழுத்து உண்டு, வெறுமை, படிக்கவில்லை, படத்தில் இல்லை. கடைசி இரண்டையும் பலர் ஒன்றாக்கிவிடுகிறார்கள். விரல் மறைத்த கட்டமும் படத்தின் ஓரத்தில் வெட்டுப்பட்ட கட்டமும் "படத்தில் இல்லை". அவற்றுக்கு வேறு படம் கேட்டால் விடை கிடைக்கும். மை கரைந்துபோன கட்டத்துக்கு எத்தனை படம் கேட்டாலும் கிடைக்காது.

நமது அட்டையில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை மூன்று கட்டங்களையும் தொட்டு மேலிருந்து கீழாக ஒரே கோடு போயிருந்தது. அதை மூன்று மாதமும் சரி என்று மூன்று டிக்காக மாற்றி எழுதத் தோன்றும். நான் "ஒரே கோடு, செப்டம்பர் முதல் நவம்பர் வரை, சுருக்கொப்பம் இல்லை" என்று எழுதினேன். அந்தக் கோடு மூன்று மாதமும் சோதித்ததைக் குறிக்கிறதா, மூன்று மாதமும் விட்டுப்போனதைக் குறிக்கிறதா என்பதைப் பதிவேட்டைப் பார்க்கும் பொறுப்பாளர் விசாரிக்கட்டும். கோட்டை டிக்காக்கிவிட்டால் அவருக்கு விசாரிக்கவே தோன்றாது.

கட்டங்களில் ஆண்டு விஷயமும் கண்ணை ஏமாற்றும். அட்டை 2024 ஜூலையில் மாட்டப்பட்டது. அப்படியானால் ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரையுள்ள கீழ்க் கட்டங்கள் 2024-ஐச் சேர்ந்தவை, ஜனவரியிலிருந்து ஜூன் வரையுள்ள மேல் கட்டங்கள் 2025-ஐச் சேர்ந்தவை. மேலே இருப்பதுதான் முந்தையது என்று எடுத்துக்கொண்டால் அரை வருடச் சோதனைகள் தீயணைப்பானுக்கு அட்டை மாட்டும் முன்பே நடந்ததாகிவிடும். ஆனாலும் அட்டையில் அச்சாகாத ஆண்டைக் கட்டத்தின் நகலில் நான் சேர்ப்பதில்லை. அதற்குத் தனிப் பத்தி இருக்கிறது.

பதிவேட்டில் ஒவ்வொரு தகவலுக்கும் இரண்டு பத்திகள். ஒன்று கண்ணால் கண்டது, மற்றது அதிலிருந்து புரிந்துகொண்டது. இந்த அட்டைக்கு "கண்டது" பத்தியில் இப்படி இருக்கிறது: மாதம், பெயர் வெளுத்த பகுதியில் ஒரு துளை, நேராக்கிய அளவில் ஏழாவது வரிசை. ஆண்டு, 2023-க்கும் 2025-க்கும் இடையே துளை. முத்திரை, 06-07-24, ஏழின் தலை கட்டக்கோட்டில். "புரிந்தது" பத்தியில் 2024 ஜூலை 6, அதற்குக் காரணமாகப் பின்பக்கத் துளையின் உயரமும் நாள் முதலில் வரும் பழைய முத்திரையும். உதவியாளர் ஜூன் என்று சொன்னதும் குறிப்பாக இருக்கிறது, நீக்கவில்லை. சிலிண்டரில் தனியாக ஒட்டியிருக்கும் நீரழுத்தச் சோதனை லேபிளின் தேதியும், கழுத்தில் மாட்டும் வளையத்தின் தேதியும் வேறு வேலைகளுக்கானவை. டேக்கில் ஓர் இடம் படிக்கவில்லை என்பதற்காக அவற்றிலிருந்து எடுத்து நிரப்புவதில்லை.

படம் எடுப்பவர்களிடம் இப்போது நான் கேட்பது கொஞ்சம்தான். டேக்கைக் கழற்ற வேண்டாம், பாதுகாப்பு ஊசியின் சீலைத் தொடவும் வேண்டாம். அட்டைக்குப் பின்னால் அதன் நிறத்துக்கு நேர்மாறான ஒரு தாளைச் செருகினால் போதும். வெள்ளை, மஞ்சள் அட்டைக்குக் கறுப்புத் தாள். துளைகள் எல்லாம் கறுப்பு வட்டங்களாக ஒரே பார்வையில் தெரியும். அடியில் வேறு டேக் இருந்தாலும் குழப்பம் வராது. ஃபிளாஷை அணைத்துவிட்டு, வெளிச்சம் பக்கவாட்டில் விழ, போனை அட்டைக்கு நேராகப் பிடித்து எடுக்க வேண்டும். மிக நெருங்கினால் போன் கேமரா குவியாது, ஓரடி தள்ளி நின்று இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுப்பது நல்லது. முன்பக்கம், பின்பக்கம் இரண்டும் வேண்டும், நான்கு மூலைகளும் படத்துக்குள் வேண்டும். அனுப்பும்போது படமாக அல்லாமல் ஆவணக் கோப்பாக அனுப்பினால் பிக்சல் குறையாது. பிளாஸ்டிக் உறை பளபளத்தால், போனை அசைக்காமல் அட்டையை மட்டும் லேசாகச் சாய்த்து இன்னொரு படம். வெளுப்பு வேறு இடத்துக்கு நகர்ந்துவிடும், முதல் படத்தில் மறைந்த மாதங்கள் இரண்டாவதில் இருக்கும்.